அசை பத்தும் சரி, தாளம் எங்கே?

கேள்வி: ஆங்கிலத்தில் ஐயாம்பிக் பென்டாமீட்டரில் கவிதை எழுதுகிறேன். ‘த கிடார் இன் த கார்னர் லாஸ்ட் இட்ஸ் ஸ்ட்ரிங்’ என்ற வரியில் பத்து அசை இருந்தும், தாளம் தட்டுகிறது என்கிறார் நண்பர். ஏன்?

பதில்: எண்ணிக்கை சரி, அழுத்தம்தான் இடம் மாறிவிட்டது. இந்த யாப்பில் 2, 4, 6, 8, 10ஆம் அசைகள் ஓங்கி ஒலிக்க வேண்டும். நம் யாப்பு நேர், நிரை என்று குறில் நெடிலையும் ஒற்றையும் பார்க்கும், அழுத்தத்தைப் பார்க்காது. அதனால் பேச்சு வழக்கப்படி ‘கி’யை அழுத்திவிட்டீர்கள். உங்கள் காதுக்கு வரி சரியாகவே கேட்கும். ஆங்கிலேயர் அழுத்துவது ‘டார்’ என்பதை. அது மூன்றாம் அசையில் விழுவதால் முதல் பாதி குலைகிறது.

சொல்லை மாற்ற வேண்டாம், ஓர் இடம் தள்ளுங்கள்: ‘ஆன் ஓல்ட் கிடார் ஹாஸ் லாஸ்ட் இட்ஸ் ஓன்லி ஸ்ட்ரிங்.’ இப்போது ஓல்ட், டார், லாஸ்ட், ஓன், ஸ்ட்ரிங் ஐந்தும் இரட்டைப்படை இடங்களில் அமர்கின்றன.

ஹோட்டல், போலீஸ், மிஷின், கமிட்டி ஆகியவற்றிலும் இதே வழுக்கல் உண்டு. நான்கிலும் அழுத்தம் இரண்டாம் அசையில். ஐயம் வந்தால் அகராதியின் உச்சரிப்புப் பகுதியைப் பாருங்கள்: மேலே நிற்கும் சிறு கோட்டுக்கு அடுத்த அசையே அழுத்தம் பெறுவது.