தாம்பரம் தடத்தில் ரயில் ரத்தா? கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

சென்னை கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் தண்டவாள வேலை நடக்கப்போகிறது என்றால் தெற்கு ரயில்வே அறிவிப்பு வெளியிடும். ஆனாலும் அன்றைக்குப் பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம் விழி பிதுங்கி நிற்கும். பாதிப் பேர் 'ரத்து' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டவர்கள்.

செய்ய வேண்டியவை

• எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் நடுவே ரயில் இல்லை என்பதை முதலில் பாருங்கள். 'பகுதி ரத்து' என்றால் பாதி வழிக்கு ரயில் உண்டு. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு மாற்றியமைக்கப்பட்டபோது கடற்கரை – பல்லாவரம், கூடுவாஞ்சேரி – செங்கல்பட்டு என்று இரண்டு துண்டாகச் சிறப்பு ரயில்கள் ஓடின. விட்டுப்போன நடுப்பகுதிக்கு மாநகரப் பேருந்துகள் கூடுதலாக விடப்பட்டன.

• அறிவிப்பில் போட்டிருக்கும் நேரம், ரயில் கிளம்பும் நிலையத்தின் நேரம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'கடற்கரையில் இருந்து காலை 10.30-க்குப் புறப்படும் தாம்பரம் ரயில் ரத்து' என்றால், கிண்டியில் நிற்பவருக்கு அது ஏறக்குறைய 11 மணி வண்டி. உங்கள் நிலையத்துக்கு ரயில் வர எவ்வளவு நேரமாகும் என்பதைக் கூட்டிக்கொண்டு பட்டியலைப் பாருங்கள். நிலையவாரியாக நேரம் போட்டால் ரயில்வேக்கு ஒன்றும் குறைந்துவிடாது, போடுவதில்லை.

• பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து யோசியுங்கள். 2024-இல் நடந்தது போலவே நடுப்பகுதி அடைபட்டிருக்கிறது, மறைமலை நகரில் இருந்து எழும்பூர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரி வரை ரயில். அங்கிருந்து பல்லாவரத்துக்குப் பேருந்து. ஜி.எஸ்.டி. சாலை தண்டவாளத்தை ஒட்டியே போவதால் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை என்று அதே ஊர்கள்தான் வரும். பல்லாவரத்தில் மறுபடி ரயில். அங்கே கூட்டம் பிதுங்கினால் அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போய் விமான நிலையத்தில் மெட்ரோ பிடிக்கலாம். மெட்ரோவுக்கு எழும்பூரிலேயே நிலையம் இருக்கிறது. காசு கூடுதல், நேரம் நிச்சயம். நேர்முகத் தேர்வு, வெளியூர் ரயில் என்று தவறவிட முடியாத வேலை இருந்தால் மெட்ரோதான் என் சிபாரிசு.

• பேருந்தில் ஏறும் முன் பலகையைப் பாருங்கள். எல்லாச் சிறப்புப் பேருந்தும் கடைசி நிலையம் வரை போகும் என்று இல்லை; தாம்பரத்தோடு நிற்பவையும் இருக்கும். மகளிருக்கு இலவசம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• நடுவில் உள்ள நிறுத்தத்தில் சிறப்புப் பேருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். 12 பெட்டி மின்சார ரயிலில் வந்திறங்கும் கூட்டத்தை நான்கைந்து பேருந்தில் ஏற்றிவிட முடியாது. கூடுவாஞ்சேரியிலேயே படிக்கட்டு வரை நிரம்பிய வண்டி பெருங்களத்தூரில் நிற்குமா என்பதே சந்தேகம். அந்த ஊர்க்காரர்கள் வழக்கமான தடப் பேருந்தைப் பிடிப்பது மேல். அல்லது தாம்பரத்துக்குப் போய், அங்கிருந்து கிளம்பும் வண்டியில் ஏறலாம்.

• மெட்ரோ இருக்கிறதே என்று தாம்பரத்துக்கோ வண்டலூருக்கோ திட்டம் போடாதீர்கள். தெற்கே அது விமான நிலையத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் பேருந்துதான்.

• 'பிற்பகல் 3.30 வரை பணி' என்று இருந்தால் 3.31-க்கு வழக்கம்போல ரயில் வரும் என்று எண்ணாதீர்கள். பாதை திறந்த பிறகுதான் ஆங்காங்கே நிறுத்தி வைத்த ரயில்களை வரிசைக்குக் கொண்டுவர முடியும். முதலில் வரும் ஒன்றிரண்டு வண்டிகளில் ஏறவும் முடியாது.

• வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பாதீர்கள். போன மாத அறிவிப்பு இந்த மாதம் புதுசு போல வலம் வரும். அதில் தேதி இருக்கிறதா, ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சென்னைக் கோட்டத்தின் எக்ஸ் பக்கமான @DrmChennai-யில் ஒருமுறை சரிபாருங்கள். கால அட்டவணைச் செயலிகளையும் நம்பிவிட வேண்டாம். ரத்தான ரயிலைக்கூட அவை வழக்கமான நேரத்தில் காட்டிக்கொண்டிருக்கும்.

• ரயில் உண்டா என்று உறுதியாகத் தெரிவதற்குள் கைபேசியில் டிக்கெட் எடுக்காதீர்கள். காகிதமில்லாத முன்பதிவற்ற டிக்கெட்டை ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடியாது.

ரயில் சீசன் டிக்கெட் மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் செல்லாது. நடத்துநரிடம் அதை நீட்டி வாதாடுவதற்குள் பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். அன்றைக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.