நான்கு சோதனைகள்

விமானம் ஓடுபாதையைத் தொட்டபின், எஞ்சினின் உந்துகாற்றை முன்புறமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது வானில் விரிந்தால் பேரழிவு நேரக்கூடும். 1991ஆம் ஆண்டு தாய்லாந்து வானில் அவ்வாறு விரிந்ததால் ஒரு விமானம் சிதறி, அதிலிருந்த 223 பேரும் மாண்டனர். அதற்கு நிரல் பிழை காரணமெனக் கண்டறியப்படவில்லை. எனினும், அத்தகைய அமைப்பை இயக்க இசைவு தரும் நிரல்வரி எத்துணைக் கவனத்துடன் சோதிக்கப்பட வேண்டும் என்பது அதனால் விளங்கும்.

பாடத்திற்காக எளிமையாக்கப்பட்ட வரி இது:

```
lever && (left || right)
```

விமானி நெம்புகோலை இழுத்திருக்க வேண்டும். அத்துடன் இடச் சக்கரமோ வலச் சக்கரமோ தரையை அழுத்த வேண்டும். இவை மூன்றும் நிபந்தனைகள். முழுவரியின் விடை முடிவு எனப்படும். மெய்யை 1 எனவும் பொய்யை 0 எனவும் குறிப்போம்.

மூன்றும் 1, மூன்றும் 0 என இரு சோதனைகள் செய்தால், ஒவ்வொரு நிபந்தனையும் இரு மதிப்புகளையும் பெற்றுவிடும், முடிவும் அவ்வாறே. ஆனால் `||` இருக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக `&&` எழுதப்பட்டிருந்தாலும் விடைகள் மாறா. பிழை மறைந்தே கிடக்கும்.

ஆகவே, பிறவற்றை மாற்றாமல் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றும்போது முடிவும் மாறுவதைக் காட்ட வேண்டும். இதுவே திருத்திய நிபந்தனை முடிவு அளவை. விமான மென்பொருளுக்கான டிஓ-178பி ஆவணம் 1992இல் மிக உயர்ந்த இடர்நிலைக்கு இதனை விதித்தது.

```
   lever left right  முடிவு
1    1    1    0      1
2    0    1    0      0
3    1    0    0      0
4    1    0    1      1
```

ஒன்றும் இரண்டும் நெம்புகோலின் தனித்த விளைவைக் காட்டுகின்றன. ஒன்றும் மூன்றும் இடச் சக்கரத்தினதை. மூன்றும் நான்கும் வலச் சக்கரத்தினதை. எட்டுச் சேர்க்கைகளுக்குப் பதிலாக நான்கே போதுமாயின. முன்னர் மறைந்திருந்த `&&` பிழை முதற் சோதனையிலேயே வெளிப்படும்; 1 வரவேண்டிய இடத்தில் 0 வரும்.

ஆயினும் அட்டவணையை மீண்டும் நோக்குக. இரு சக்கரங்களும் ஒருசேரத் தரையை அழுத்தும் நிலை அதில் இல்லை! நிரலர் `||` என்பதற்கு மாறாக `!=` என எழுதியிருந்தால், ஒரு சக்கரம் மட்டும் படும்போதே இசைவு கிடைக்கும். அப்போதும் நான்கு சோதனைகளும் சரியான விடையையே தரும், அளவையும் நிறைவுறும். விமானமோ இயல்பாக இரு சக்கரங்களிலும் நின்றவுடன் இசைவை இழக்கும்.

எனவே சோதனைகளை நிரலைப் பார்த்து எழுதுதல் கூடாது. தேவைக் குறிப்பிலிருந்தே அவை எழுதப்படும். இயல்பான தரையிறக்கம் அங்கே கட்டாயம் இடம்பெறும். அதன் பின்னரே எந்த நிபந்தனையின் விளைவு இன்னும் காட்டப்படவில்லை என்பதை இவ்வளவை கொண்டு அளப்பர். ஏதேனும் விடுபட்டிருப்பின், ஒரு சோதனை குறைகிறது, அல்லது தேவையில் இல்லாத ஒன்று நிரலில் புகுந்திருக்கிறது என்று பொருள்.