பழுதும் பங்கும்

நுழையும்முன்

வாடகை வீட்டில் ஒன்று பழுதுபட்டால், செலவு யாருடையது என்ற கேள்வி உடனே எழும். அது வாய்ச்சொல்லில் தொடங்கினால் பெரும்பாலும் சச்சரவாகவே முடியும். எழுத்தில் தொடங்கினால், எழுதுபவர் முதலில் தாமே சில கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கும். பழுது எப்படி நேர்ந்தது? பொருளின் முதுமையால் நேர்ந்தது எவ்வளவு, பயன்படுத்திய முறையால் நேர்ந்தது எவ்வளவு? இவ்விடைகள் இன்றிச் செலவில் பங்கு கேட்கும் செய்தியை எழுத இயலாது. காஞ்சிபுரத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக் கற்பனையாக அமைத்துக்கொண்டு, அத்தகைய செய்தி உருவாகும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நிகழ்வு

நெசவாளர் பலர் வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. உரிமையாளர் ஓர் அம்மையார்; முன்கட்டில் அவர் இருக்கிறார். பின்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் இளைஞர் ஒருவர் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறார். மாத வாடகை 5,000 ரூபாய். முன்பணம் 15,000 ரூபாய். சாயப்பட்டறையில் இடம் போதாத நாள்களில் அவர் சில நூற்கழிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அவிப்பது வழக்கம்.

அவிப்பதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். பழுதின் வேர் அங்கேதான் இருக்கிறது. பட்டுப்புழு நூற்கும் இழையின்மேல் பசை ஒன்று படிந்திருக்கும். அதற்குச் செரிசின் என்று பெயர். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்பசையே. அதை நீக்கினால்தான் நூல் மென்மை பெறும், பளபளக்கும், சாயமும் சீராகப் பிடிக்கும். அதற்காகச் சோப்பும் சலவைச்சோடாவும் கலந்த நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் நூலை அவிப்பர். ஒரு கிலோ நூலை அவித்தால் ஏறத்தாழ கால் கிலோ பசை நீரோடு கலந்துவிடுகிறது. சூடாக இருக்கும்வரை அது நீராகவே ஓடும். ஆறினால் கூழாகி உறையும்.

அந்த இளைஞர் இந்நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவந்தார். தொட்டியிலிருந்து செல்லும் கழிவுநீர்க் குழாய் பிவிசியால் ஆனது. பத்து ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்டது. கைபொறுக்கும் சூட்டில் வரும் நீரை இவ்வகைக் குழாய் தாங்கும். சூடு 80 பாகை செல்சியசை நெருங்கினால் பிவிசி இளகத் தொடங்கும். இளகிய குழாய், தாங்கிகளுக்கு இடையே தன் எடையாலேயே தொய்ந்துவிடும். தொய்ந்த பள்ளத்தில் பசை தங்கி உறையும். அடைத்துக்கொண்ட நீர் மூட்டு வழியாகக் கசியும். இப்படிக் கசிந்த நீர் சுவரில் ஊறி, நான்கடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்ந்துவிட்டது.

காரணத்தைக் கண்டறிதல்

சுவரில் ஓதம் கண்டவுடன் குடியிருப்பவரைக் குறை கூறுவது தவறு. ஓதத்துக்குப் பல வழிகள் உண்டு. மொட்டைமாடி வழியே இறங்கும் ஈரம் மேலிருந்து கீழாகப் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிகும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவரின் அடி முழுவதும் ஒரே பட்டையாகத் தெரியும், உப்புப் பூக்கும். குழாய்க் கசிவோ மூட்டுக்குக் கீழே மட்டும் தடம் விடும். தண்ணீர் கொட்டும் நாள்களில் அகலும்.

அம்மையார் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுக் குறித்தார். இரண்டு நாள்களுக்கு அத்தொட்டியைப் பயன்படுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. உட்பக்கமாகச் சிறிது வாங்கவும் செய்தது. மூன்றாம் நாள் தொட்டியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஈரம் கோட்டைக் கடந்தது. ஆகவே கசிவு குழாயிலிருந்துதான் என்பது உறுதியாயிற்று.

அடுத்து, குழாய் முதுமையால் கெட்டதா, சூட்டால் கெட்டதா எனப் பார்க்க வேண்டும். வெயில்பட்டு முதிர்ந்த பிவிசி வெளுத்து, நொறுங்கும் தன்மை பெற்று, மயிரிழைபோல விரிசல் விடும். சூடுபட்டது தொய்ந்து, அதன் வட்டமான வாய் முட்டைவடிவாக நசுங்கும். குழாய்ப் பணியாளர் கழற்றிக் காட்டியபோது வாய் நசுங்கியிருந்தது. உள்ளே மஞ்சள் நிறப் பசை படிந்திருந்தது. ஆனால் ஒரு மூட்டில் பழைய விரிசலும் இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை மறைக்காமல் எழுதியதால்தான், கீழே வரும் மடல் நேர்மையான மடலாகிறது.

சட்டம் கூறுவது

வாடகை வீடுகளுக்கெனத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் பொறுப்பைப் பிரித்துத் தருகிறது. கட்டட அமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. எனினும் வாடகைதாரர் விளைத்த சேதத்தால் வரும் கட்டட அமைப்புப் பழுது இதிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. குழாய்த்திருகின் வாசர் மாற்றுவது, வடிகாலைத் தூய்மை செய்வது, மின்பொத்தான் பழுது, உடைந்த சன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரரைச் சேரும். இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பாகார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலும் தொடர்புடைய விதி ஒன்று உண்டு. ஒப்பந்தம் வேறாகக் கூறாதவிடத்து, குத்தகைதாரரின் செயலால் நேர்ந்த குறையை அவருக்கு அறிவித்தால், மூன்று மாதங்களுக்குள் அவர் அதைச் சீர்செய்ய வேண்டும். அறிவிப்பு எழுத்தில் இருந்து, அதில் நாளும் குறிக்கப்பட்டிருந்தால், இந்தக் காலக்கெடு எப்போது தொடங்கியது என்பதில் ஐயம் எழாது.

பங்கீடு

மொத்தச் செலவு 8,000 ரூபாய். அதில் வெள்ளையடிப்பு 1,500 ரூபாய். சுவர் வெள்ளை கண்டு ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால், கசிவு இல்லாவிடினும் இச்செலவு வந்திருக்கும். ஆகவே அது முழுவதும் உரிமையாளருடையது. எஞ்சிய 6,500 ரூபாய் குழாய்க்கும் கொத்தனார் வேலைக்கும் உரியது. முழுவதையும் இளைஞரிடம் கேட்டால், பத்து ஆண்டுப் பழைய குழாய்க்கு ஈடாகப் புதுக்குழாயை அவர் செலவில் பெற்றதாகிவிடும். பழைய விரிசலையும் கருதி, பாதிக்குப் பாதி என அம்மையார் முடிவு செய்தார். இளைஞரின் பங்கு 3,250 ரூபாய். உரிமையாளரின் பங்கு 4,750 ரூபாய். (பாதி என்பது விதியன்று. விரிசல் இல்லாதிருந்தால் கூடுதலாகக் கேட்டிருக்கலாம் என்பதே என் கருத்து.)

மடல்

அம்மையார் கைபேசி வழியே அனுப்பிய செய்தி வருமாறு:

"தம்பிக்கு வணக்கம். வீட்டில் அனைவரும் நலமா? பின்கட்டுச் சமையலறைச் சுவர் தொடர்பாக எழுதுகிறேன். நேற்று நீங்களும் உடனிருந்து பார்த்தீர்கள். கழிவுநீர்க் குழாய் சூட்டினால் தொய்ந்து, வாய் நசுங்கியிருக்கிறது. உள்ளே பட்டுப்பசை உறைந்திருக்கிறது. நூல் அவித்த நீரைச் சூட்டோடு ஊற்றிவந்ததால் இப்படி ஆகியிருக்கிறது என்று குழாய்ப் பணியாளர் கூறினார். ஒரு மூட்டில் பழைய விரிசலும் இருந்தது. அது உங்களால் வந்ததன்று. குழாய் சூடு தாங்காது என்பதை நானும் உங்களிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை.

செலவு விவரம்: குழாயும் இணைப்புகளும் 1,600, குழாய்ப் பணிக் கூலி 1,400, கொத்தனார், சிற்றாள் கூலி 2,600, சிமெண்டும் மணலும் 900, வெள்ளையடிப்பு 1,500. ஆக மொத்தம் 8,000 ரூபாய். வெள்ளையடிப்பு என்னுடையது. மீதம் 6,500 ரூபாயை நாம் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்கள் பங்கு 3,250 ரூபாய். இரண்டு மாத வாடகையோடு 1,625 ரூபாய் வீதம் தந்தால் போதும். முன்பணத்தில் கழித்துக்கொள்வது எளிது என்றால் அப்படியும் செய்யலாம். ரசீதுகளையும் படங்களையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். கணக்கில் உங்களுக்கு மாறுபாடு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். இனி நூல் அவிக்கும் வேலையைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வீடு குடியிருப்புக்கு மட்டும் என்றே எழுதியிருக்கிறோம்."

சொல் தேர்வு

இம்மடலின் வினைச்சொற்களை நோக்குக. 'குழாயைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தால், கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததுபோல் தொனிக்கும். 'குழாய் கெட்டுவிட்டது' என்று மட்டும் எழுதினால், காரணம் மறைந்து, பங்கு கேட்பதற்கு அடிப்படையே இல்லாமற்போகும். மடலில் உள்ளதோ 'ஊற்றிவந்ததால் இப்படி ஆகியிருக்கிறது' என்னும் தொடர். ஊற்றியது அவர் செயல். கெட்டது அதன் விளைவு. இரண்டையும் தனித்தனி வினைகளாக வைத்ததால், பொறுப்பு உணர்த்தப்படுகிறது, பழி சுமத்தப்படவில்லை. கெடு, உடை, வளை போன்ற வினைகளுக்குத் தமிழில் இருவகை வடிவம் உண்டு: கெட்டது, கெடுத்தது; உடைந்தது, உடைத்தது; வளைந்தது, வளைத்தது. இத்தகைய மடல்களில் எவ்விடத்தில் எவ்வடிவம் என்பதைத் தேர்ந்தே எழுத வேண்டும்.

'நாம்' என்ற சொல்லும் அவ்வாறே. 'நாங்கள் முடிவு செய்துள்ளோம்' என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும். 'நாம் பகிர்ந்துகொள்ளலாம்' என்பது அவரையும் கணக்கில் உட்கார வைக்கும்.

மடலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். தராவிட்டால் தண்ணீரை நிறுத்துவேன் என்ற மிரட்டல் இல்லை. நீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் துண்டிப்பதை மேற்கூறிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அப்படி ஒரு வரி எழுதினால், நியாயம் தம் பக்கம் இருந்தும் எழுதியவரே தவறிழைத்தவராவார். இளைஞர் உடன்படாமற்போனால், நாளிட்ட இம்மடலும் ரசீதுகளும் படங்களுமே அம்மையார் வாடகை அதிகார அமைப்பின்முன் வைக்கத்தக்க சான்றுகள்.

கற்பவை கற்றபின்

1. குழாயின் வாய் நசுங்காமல், மயிரிழை விரிசல்கள் மட்டும் காணப்பட்டிருந்தால் இம்மடலில் எவ்வரிகள் நீங்கும்? பங்கீடு எவ்வாறு மாறும்? காரணம் காட்டி எழுதுக.

2. அவ்விளைஞர் பங்கை ஏற்கிறார். ஆனால் கொத்தனார் கூலி மிகுதி என்று கருதுகிறார். அம்மையாருக்கு அவர் எழுதும் மறுமொழியைப் பத்து வரிகளில் அமைக்க.