ஒருவர் பேச ஆறு பேர் தலையாட்டும் கூட்டம்

புதிய சாமான் ஒன்றைச் சந்தைக்கு விடுவதற்கு முன் நம்மில் பலர் செய்யும் ‘ஆராய்ச்சி’ என்ன? நாலு பேரைக் கடைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, “எப்படி நானா, ஓடுமா?” என்று கேட்பதுதான். வயதிலும் வசதியிலும் கூடியவர் முதலில் வாய் திறப்பார். மற்றவர்கள், “ஹாஜியார் சொன்னா சரிதான்” என்பார்கள். நாலு பேரின் கருத்தைக் கேட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் கேட்டது ஒருவருடைய கருத்தை மட்டுமே.

பெரிய கம்பனிகள் இதையே ஒழுங்குபடுத்தி போகஸ் குரூப் என்று நடத்துகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், பேச்சை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். செலவு பெரிதல்ல, நாமும் செய்யலாம். ஆனால் குரல் கூடியவரை அடக்கத் தெரியாவிட்டால் அதுவும் தேநீர்க் கூட்டமாகவே முடியும்.

மாவனல்லையில் மசாலாத் தூள் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு ‘நோன்புக் கஞ்சி பக்கட்’ போடும் யோசனை வந்தது. சுடுநீரில் போட்டுக் கலக்கினால் கஞ்சி தயார். அச்சகத்தில் பத்தாயிரம் உறைகளுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்கள். றமழான் வருடத்தில் ஒரு மாதம்தான். அந்த மாதம் தப்பினால் உறையும் சரக்கும் அடுத்த வருடம் வரை முடங்கும். ஆகவே முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லி, ஏற்பாட்டை நான் பொறுப்பெடுத்தேன்.

முதல் வேலை யாரைக் கூப்பிடுவது என்பது. கஞ்சி காய்ச்சுவது பெண்கள், எனவே குழுவும் பெண்கள். பேச்சை நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நண்பரின் உறவினர் எவருமில்லை, அவர் வீட்டிலும் கூட்டம் இல்லை. சொந்தக்காரர் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? மாமியும் மருமகளும் ஒரே குழுவில் வராமலும் பார்த்துக்கொண்டோம். பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஒருவருக்கு ஒருவர் அடங்கிப் பேச வேண்டிய உறவில் உள்ளவர்களைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டு, பிறகு “தைரியமாகச் சொல்லுங்கள்” என்று கேட்பதில் பயனில்லை.

அப்படியும் ஏழு பேரில் ஒருவர் ஊரில் கைப்பக்குவத்துக்குப் பேர் போன மூத்த தாத்தாவாக அமைந்துவிட்டார். ஒரு வாய் குடித்ததுமே, “இது கஞ்சியா? உம்மாமார்ர கை படாம கஞ்சி வருமா?” என்றார். ஒலிப்பதிவை நான் பிறகு கேட்டேன். அந்த வார்த்தைக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமுமில்லை.

ஆனால் இதற்கு முன்பே ஒரு வேலை நடந்திருந்தது. எல்லோரும் வாயில் வைத்தது ஒரு ‘சாம்பிள்’ கரண்டி. அதை ருசித்து, யாரும் பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு துண்டில் மூன்று விடயங்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள்: வாங்குவேனா, மாட்டேனா, ஏன். துண்டில் பெயர் இல்லை. அவரவர் குலுக்கி எடுத்த இலக்கம் மட்டும். கோப்பையில் கஞ்சி வந்ததும் பேச்சு தொடங்கியதும் அதன் பிறகுதான்.

எழுத்து ஏன் முதலில்? சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் இதற்குச் சமமானது எது என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், ஏற்கனவே சொல்லி வைத்தபடி, பிழையான கோட்டையே காட்டினார்கள். விடயம் தெரியாமல் வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது தங்கள் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். விடையைத் தனியாக எழுதித் தரலாம் என்றபோது இந்த வழுக்கல் பெரிதும் குறைந்தது. கூட்டத்தில் இன்னொருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னபோதும் குறைந்தது. கோட்டுக்கே இப்படி என்றால் கஞ்சியின் ருசிக்கு எப்படி இருக்கும்!

ஆசிரியை தாத்தாவோடு தர்க்கம் பண்ணவில்லை. “தாத்தா, நீங்க சென்னத எழுதி எடுத்துட்டன். இனி துண்டுல உள்ளதுகளப் பாப்பம்” என்று, ஏழையும் கலைத்து, பெயரின்றி வாசித்தார். வாங்குவேன் என்று ஐந்து, மாட்டேன் என்று ஒன்று, தெரியாது என்று ஒன்று. காரணங்கள்: “வேல விட்டு வர நாலரை மணி”, “உள்ளி உரிச்சே கை நோகுது”. ஒரு துண்டில், “பள்ளிக் கஞ்சி வருதே, எனக்கெதுக்கு?” தன்னைப் போல் எண்ணும் இன்னொருவர் அறையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் வாயடைத்திருந்த இரண்டு பேர் பேசத் தொடங்கினார்கள். ஆஷ் கண்டதும் இதைத்தான்.

இருக்கையிலும் ஒரு தந்திரம் உண்டு. அதிகம் பேசுபவரை நடத்துபவரின் பக்கத்திலும், பேசாதவரை நேர் எதிரிலும் இருத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் விட்டாலே அவருடைய வேகம் குறையும். எதிரில் இருப்பவரைப் பார்த்து ஐந்து விநாடி பேசாமல் இருந்தால் அவர் ஏதாவது சொல்லத்தான் செய்வார். ஒவ்வொரு கேள்வியையும் வேறு வேறு ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். குறிப்பெடுப்பவர் யார் பேசினாலும் அவர் பேருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். அரை மணியில் ஏழு பேரில் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு கோடுகள் விழுந்திருந்தால், கூட்டம் கை நழுவுகிறது என்று அறிந்துகொள்ளலாம். அந்தச் சமயம் ஒரு தேநீர் இடைவேளை நல்லது.

கூட்டத்தின் முடிவில் அதே இலக்கத்தோடு இரண்டாவது துண்டு எழுதினார்கள். வாங்குவேன் என்றவர்கள் இப்போது மூன்று பேர். இரண்டு பேர் மாறியிருந்தார்கள். அதில் ஒருவர் எழுதிய காரணம்: “ருசி சரி. மாமி கண்டா, சோம்பேறி எண்டு ஏசுவாங்க.”

அடக்கப்பட வேண்டிய குரலுக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். கொக்கா கோலா 1985இல் ருசியை மாற்றிய கதை பலருக்கும் தெரியும். தனித்தனியாகக் குடித்துப் பார்த்த பெருந்தொகையானோர் புதிய ருசியை விரும்பினார்கள். குழுக்களில் சிலர் மாத்திரம் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்களைக் கண்டு மற்றவர்களும் பின்வாங்கினார்கள். கம்பனி தனி ருசிப் பரிசோதனையையே நம்பி ஏப்ரலில் சந்தைக்கு விட்டது. எதிர்ப்பு தாங்காமல் ஜூலையில் பழைய ருசி திரும்பி வந்தது. சந்தையிலும் மனிதர்கள் கூட்டமாகவே வாழ்கிறார்கள். ஆகவே முதல் துண்டு ஒருவர் தனியே என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லும், இரண்டாவது துண்டு வீட்டிலும் ஊரிலும் அந்த நினைப்புக்கு என்ன நடக்கும் என்பதைக் காட்டும். இரண்டும் வேண்டும்.

நண்பருக்குப் பயன்பட்டது இந்த வித்தியாசம்தான். சுடுநீர் ஊற்றும் பக்கட்டைக் கைவிட்டார். அரிசி, வெந்தயம், காய்ந்த உள்ளி, இஞ்சி, றம்பை எல்லாம் அளவாகச் சேர்த்த கலவையாக மாற்றினார். தேங்காய்ப் பாலும் இறைச்சியும் வீட்டில் சேர்க்க வேண்டியவை. காய்ச்சுவது மருமகளின் கைதான், மிச்சமாவது உள்ளி உரிக்கும் நேரம். பெயரும் ‘கஞ்சிக் கலவை’ ஆனது. வேறொரு பகுதிப் பெண்களை வைத்து இரண்டாவது குழு நடத்தியபோது அங்கேயும் மாமியின் பேச்சு தானாகவே வந்தது. ஒரே குழுவோடு நிறுத்தியிருந்தால், அது அந்த ஏழு பேரின் தனிக் கதையா, பொதுவான கதையா என்று தெரிந்திருக்காது.

ஏழில் ஐந்து என்றவுடன் நூற்றுக்கு எழுபது பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஏன் வாங்குவார்கள், எது தடுக்கும் என்பதைத்தான் குழு சொல்லும். எத்தனை பேர், என்ன விலைக்கு என்பதைக் காசு கைமாறும்போதுதான் அறியலாம். ஆகவே நண்பர் உறை அடிக்கவில்லை. வெற்றுப் பக்கட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, முந்நூறை மட்டும் ஷஃபான் மாதத்தில் நான்கு கடைகளுக்கு இரண்டு விலையில் கொடுத்தார். வாங்கியவர்களில் மறுபடி வந்து கேட்டவர்களைக் கடைக்காரர்கள் ஒரு கொப்பியில் குறித்து வைத்தார்கள்.