முழுசாச் சுகமான பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேணுமா?

மூன்று நான்கு மாதம் மெடிக்கல் லீவில் இருந்த ஒருவர் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கும்போது இரண்டு பேச்சு எழும். வீட்டில், "முழுசாச் சுகமான பிறகு போகலாம், அவசரப்படாதை" என்பார்கள். கந்தோரில், "வந்தால் முழு நேரமும் நிண்டு செய்ய வேணும், அரைகுறையா வந்து என்ன பிரயோசனம்" என்பார்கள். எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன: ஒருவர் ஒன்றில் நோயாளி, அல்லது முழு வேலையாள், நடுவில் ஒரு நிலை கிடையாது. வைத்தியர்களும் பல நாட்டுச் சட்டங்களும் இந்த நம்பிக்கையைக் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. பிரித்தானியாவில் 2010 ஏப்ரலிலிருந்து வைத்தியர் எழுதும் சான்றிதழில் 'வேலைக்குத் தகுதியில்லை' என்பதோடு 'சில மாற்றங்களோடு வேலை செய்யலாம்' என்றொரு தெரிவும் இருக்கிறது. படிப்படியாகத் திரும்புவது அந்த மாற்றங்களில் ஒன்று. பின்லாந்தில் தசை, மூட்டு வலியால் அவதிப்பட்ட 63 ஊழியர்களை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் முழு லீவில் இருந்தார்கள், மற்றவர்கள் ஏறத்தாழ அரை நேரம் வேலை செய்தார்கள். வழமையான வேலைக்கு நிலையாகத் திரும்ப, அரை நேரக்காரருக்கு இடையளவாக 12 நாளும் முழு லீவில் இருந்தவர்களுக்கு 20 நாளும் எடுத்தன. ஆய்வு சிறியது. பெரிய சத்திரசிகிச்சையோ புற்றுநோய்ச் சிகிச்சையோ முடித்து வருபவர்களை வைத்துச் செய்ததும் அல்ல. ஆனால் பாதி வேலை செய்தால் சுகம் பின்னுக்குப் போகும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லலாம்.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும். அதெல்லாம் வெளிநாட்டில், எங்கட ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதா? இல்லைத்தான். ஜெர்மனியில் படிப்படியாகத் திரும்பும் காலம் முழுவதும் ஊழியர் சட்டப்படி நோயாளியாகவே கருதப்படுகிறார், அவருடைய கொடுப்பனவு காப்புறுதி நிதியிலிருந்து வருகிறது. இலங்கையில் தனியார் துறைக் கந்தோர்களுக்குப் பொருந்தும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும், சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் சேர்த்து 7 நாளும் தருகிறது. மெல்ல மெல்லத் திரும்பும் ஏற்பாடு பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இங்கே, திரும்பும் ஒழுங்கைக் குறித்து மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலுக்குப் பெறுமதி கூடுகிறது. சட்டம் சொல்லாத இடத்தை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எழுத்துத்தான் நிரப்ப வேண்டும். (அரச உத்தியோகத்தர்களுக்கு வழி வேறு. அவர்கள் தாபன விதிக்கோவையின் கீழ் வருகிறார்கள், இங்கே சொல்வது தனியார் துறைக்கு.)

அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டாவது நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. என்ன வருத்தம், எங்கே வெட்டினார்கள், எத்தனை மருந்து போடுகிறேன் என்று விபரமாக எழுதினால்தான் மேலாளர் இரங்குவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதிய மின்னஞ்சலைப் படித்து முடித்த மேலாளருக்குக் கவலை வரும். திங்கட்கிழமை யாரை எந்த மேசையில் இருத்துவது என்பது மட்டும் தெரியாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவதை அயலட்டைக்குக்கூடச் சொல்லாத குடும்பங்கள் உள்ள ஊரில், வருத்தத்தின் பெயர் ஒரு மின்னஞ்சலில் ஏறினால் அது மேலாளரோடு நிற்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மேலாளருக்குத் தேவை நோயின் கதை அல்ல, வேலையின் கணக்கு: எத்தனை மணித்தியாலம், எந்த வேலை முடியும், எது இப்போதைக்கு முடியாது, எப்போது மீண்டும் பார்ப்பது, சம்பளம் எப்படி. வருத்தம் பற்றி வைத்தியர் தரும் சான்றிதழ் போதும். அதிலும் 'இலகு வேலை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பயன்படாது, ஏனென்றால் கணக்குப் பகுதியில் எது இலகு என்று வைத்தியருக்குத் தெரியாது. எத்தனை மணித்தியாலம், எத்தனை கிழமை, எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதித் தரும்படி கிளினிக்கிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரில் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு கம்பனி. கணக்குப் பகுதியில் உள்ள பெண் உத்தியோகத்தர் பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், பதினான்கு கிழமை லீவு முடித்துத் திரும்புகிறார். அவருடைய மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வைத்தியரின் சிபாரிசுப்படி ஜூன் 1 திங்கள் முதல் படிப்படியாக வேலைக்குத் திரும்ப விரும்புகிறேன். சான்றிதழை இணைத்துள்ளேன். முதல் இரண்டு கிழமை திங்கள், புதன், வெள்ளி காலை 9 முதல் 1 வரை. அடுத்த இரண்டு கிழமை நான்கு நாள், நாளுக்கு 5 மணித்தியாலம். ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் ஐந்து நாள், நாளுக்கு 6 மணித்தியாலம். ஏழாம், எட்டாம் கிழமைகளில் ஐந்து நாளும் முழு நேரம், சனி தவிர. ஜூலை 27 முதல் வழமைபோல. இந்தக் காலத்தில் வங்கிக் கணக்குகளைச் சரிபார்ப்பதையும் வழங்குநர்களுக்கான காசோலை வேலைகளையும் நான் பொறுப்பேற்க முடியும். களஞ்சிய இருப்புக் கணக்கெடுப்பு நின்றபடி செய்வது என்பதால் ஜூலை முடியும்வரை அதை ஏற்க முடியாது. ஜூன் 26 வெள்ளி தங்களோடு பத்து நிமிடம் பேசி, இந்த ஒழுங்கு சரிவருகிறதா என்று பார்க்க விரும்புகிறேன். வேலை செய்யாத மணித்தியாலங்களை முதலில் எனது வருடாந்த லீவிலும் மிகுதியைச் சம்பளமற்ற லீவிலும் கழிக்கலாம் என்பது என் யோசனை. அடிப்படைச் சம்பளத்தில் மாற்றம் இல்லை என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்."

இதில் வருத்தத்தின் பெயர் எங்கும் வரவில்லை, மன்னிப்பும் இல்லை. முதல் இரண்டு கிழமையில் ஒன்றுவிட்டொரு நாள் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு வரும் களைப்பு பெரும்பாலும் வேலை செய்த அன்று தெரியாது, மறுநாள் காலையில்தான் உடம்பு கணக்குக் கேட்கும். பஸ்ஸில் நின்று வந்து நின்று போகும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். நான்காம் கிழமை முடிவில் பேச்சுக்கு நாள் குறித்திருப்பதும் சும்மா அல்ல. களைப்பு கூடிக்கொண்டே போனால் அன்று ஒரு படியில் இன்னும் இரண்டு கிழமை நிற்கலாம். நாள் குறிக்காவிட்டால், பிழைத்துப்போன ஒழுங்கு ஒரு நாள் திடீர் லீவாகத்தான் வெளியே வரும்.

சம்பளக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். எட்டுக் கிழமைக்கு வழமையான நேரம் 360 மணித்தியாலம். மேலே உள்ள ஒழுங்கில் அவர் செய்வது 24, 40, 60, 80 என்று மொத்தம் 204. குறைவது 156. (போயா வந்தால் கணக்குச் சற்று மாறும்.) கைவசம் பத்து நாள் வருடாந்த லீவு இருந்தால் அது 80 மணித்தியாலத்தை மூடும், மிகுதி 76 சம்பளமற்றதாகும். லீவை இப்படி மணித்தியாலமாக உடைப்பதற்கு நிறுவனம் சம்மதிக்க வேண்டும். பத்து நாளையும் முழுக்கக் கரைத்துவிட்டால் பிறகு கிளினிக்குக்கும் திடீர்ச் சுகவீனத்துக்கும் மிஞ்சுவது அந்த 7 நாள் லீவுதான், அதிலும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். சம்பளமற்ற நாட்களுக்கேற்ப ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 வீதமும் நிறுவனம் போடும் 12 வீதமும் குறையும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் 'இரண்டு மாதத்துக்கு அரைச் சம்பளம்' என்று எழுதுவதும், 'அடிப்படைச் சம்பளம் அப்படியே, வேலை செய்யாத நேரம் மட்டும் சம்பளமற்ற லீவு' என்று எழுதுவதும் ஒன்றல்ல. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கிறது. அந்த இரண்டு மாதத்துக்குள் ஏதோ காரணத்தால் வேலையை விட நேர்ந்தால், எது 'கடைசிச் சம்பளம்' என்ற வழக்கு எழுவதற்கு முதல் வகை வாசகம் இடம் கொடுக்கும்.

இனி மூன்றாவது நம்பிக்கை. இப்படியெல்லாம் எழுதிக் கேட்டால் 'இவவால இனி ஏலாது' என்று நிறுத்திவிடுவார்கள், பேசாமல் போய் இருப்பதே நல்லது என்பது. சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் சேவை உள்ள ஒருவரை ஒழுக்கம் சாராத காரணத்துக்காக நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும். சுகவீனம் ஒழுக்கக் குற்றம் அல்ல. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நீண்ட நாள் வராமலும் ஒன்றும் எழுதாமலும் இருந்தால், 'தானாகவே வேலையை விட்டுவிட்டார்' என்று நிறுவனம் கடிதம் அனுப்பலாம். அப்படிச் சொல்வதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, விட்டுப்போகும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் பார்த்திருக்கின்றன. திரும்பும் திகதியைக் குறித்த ஒரு மின்னஞ்சல் அந்த எண்ணம் இல்லை என்பதற்கு நேரடிச் சான்று. பயந்து பேசாமல் இருப்பவர் அந்தச் சான்றைத் தன் கையாலேயே இழக்கிறார். நான்கைந்து பேர் உள்ள கடைகளுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அங்கே இருவருக்கிடையிலான எழுத்து இன்னும் அவசியமாகிறது.

மேலாளர் தரப்பில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒருவர் பாதி நேரம் வந்தால் மீதி வேலை யார் தலையில் விழும்? கணக்குப் பகுதியில் மூன்று பேர்தான் என்றால், களஞ்சியக் கணக்கெடுப்பு மற்ற இருவர் மேல்தான் விழும், அவர்கள் முணுமுணுப்பார்கள். இதற்குப் பதில் அந்த மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கிறது. முடியாது என்று சொன்ன ஒரு வேலைக்குப் பக்கத்தில், பொறுப்பேற்கும் வேலைகளின் பெயர் இருக்கிறது, முடியும் திகதியும் இருக்கிறது. இரண்டு மாதம் இந்த இரண்டு வேலை அவருடையது என்று தெரிந்தால் மற்றவர்கள் தங்கள் வேலையை ஒழுங்குபடுத்தலாம். முடிவுத் திகதி இல்லாத சலுகைதான் கந்தோரில் மனக்கசப்பை வளர்க்கிறது. அதோடு, அவர் இல்லாத பதினான்கு கிழமையும் அந்த வேலை முழுக்க மற்றவர்கள் தலையில்தான் இருந்தது. 204 மணித்தியாலம் அந்தச் சுமையைக் குறைக்கத்தான் செய்கிறது.

நடைமுறையில் இந்த மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் எழுத்தில் பதில் வராது. ஐயா ஃபோன் எடுத்து, "ஓம் பிள்ளை, வாங்கோ, பாப்பம்" என்பார். அது மறுப்பும் அல்ல, ஒப்புதலும் அல்ல. அன்றே இரண்டு வரி அனுப்ப வேண்டும்: "ஐயா, இன்று தொலைபேசியில் பேசியபடி ஜூன் 1 முதல் எனது மின்னஞ்சலில் உள்ள ஒழுங்கின்படி வருகிறேன். மாற்றம் ஏதும் இருந்தால் அறியத்தரவும்." பிரதி சம்பளப் பகுதிக்கும் போக வேண்டும், ஏனென்றால் மாத முடிவில் கணக்குப் போடுபவர் மேலாளர் அல்ல. ஜூன் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் பழைய தொகை அப்படியே இருக்கிறதா, கழித்தது தனி வரியில் சம்பளமற்ற லீவு என்று வந்திருக்கிறதா. அடிப்படைத் தொகையே குறைந்து வந்திருந்தால், ஜூலைச் சீட்டு அடிக்க முதல் அதைத் திருத்தித் தரும்படி அதே மின்னஞ்சலின் கீழேயே எழுதிக் கேட்கலாம்.