ரெண்டு ‘வெட்’டும் ஒண்ணில்லைங்க

வெட் கிரைண்டர்னா கோயம்புத்தூர். புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர்ப் பொருள். ஆனா அந்தப் பேர்ல இருக்கிற முதல் சொல்லை நாம வழக்கமா சொல்ற மாதிரி சொன்னா, ஆங்கிலத்தை வேற ஊர்ல கத்துக்கிட்ட ஒருத்தர் காதுல “மாட்டு டாக்டர் கிரைண்டர்”னு விழ வாய்ப்பு இருக்கு. ஈரத்துக்கான சொல் டபிள்யூவில் தொடங்குது. கால்நடை டாக்டருக்கான சொல் வியில் தொடங்குது. தமிழ்ல எழுதினா ரெண்டுமே ‘வெட்’தான்.

பிளேஸ்மென்ட் சீசன்ல இது வெறும் ஜோக் இல்லை. மெக்கானிக்கல்காரங்களுக்கு வால்வு, ஈஈஈகாரங்களுக்கு வோல்ட், வாட், வேவ்னு தினமும் வர்ற சொற்கள் எல்லாம் இந்த ரெண்டு ஒலியிலதான் இருக்கு. ஆன்லைன் இன்டர்வியூவில் ஆடியோ கொஞ்சம் மோசமா இருந்து, எதிர்ல இருக்கிறவர் ரெண்டு தடவை “மறுபடி சொல்லுங்க”ன்னு கேட்டுட்டா போதும். இலக்கணம் சரியா இருந்தாலும், பதில் சரியா இருந்தாலும், “நமக்கு இங்கிலீஷ் வராது”ன்னு நம்மாளு முடிவு கட்டிடுவான்.

இதைச் சரி பண்ண நம்மில் நிறையப் பேர் போற இடம், தமிழ்வழி ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோக்கள். கீழே ரெண்டு மொழியில் கேப்ஷன் ஓடும், வாயை க்ளோஸ்-அப்பில் காட்டுவாங்க, “என்னோட சேர்ந்து சொல்லுங்க”ன்னு சொல்லிட்டு இடைவெளி விடுவாங்க. இந்த மூணும் என்னென்ன வேலைக்கு உதவும், எங்கே நம்மை ஏமாத்தும் என்பதை ஒரே ஒரு வாக்கியத்தை வச்சுப் பார்ப்போம்.

க்ளோஸ்-அப்: உதட்டைப் பாருங்க, பல்லையும் பாருங்க

நம்ம ‘வ’ எப்படிப் பிறக்குதுன்னு தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்லுது: பல்லும் இதழும் சேரும்போது. இன்னைக்கு நாம சாதாரணமா பேசும்போது அந்தச் சேர்க்கை ரொம்ப மென்மை. கீழ் உதடு மேல்பல்லுக்குப் பக்கத்துல போகும், ஆனா அழுத்தித் தொடாது. அதனால நம்ம ‘வ’ ஆங்கிலத்தின் ரெண்டு ஒலிக்கும் நடுவுல நிக்குது. ரெண்டையும் ஒரே ‘வ’வால் சமாளிச்சுடுறோம்.

ஆங்கில வி ஒலிக்குக் கீழ் உதட்டின் உட்பக்கம் மேல்பல்லின் நுனியைத் தொடணும். தொட்ட நிலையில் காற்று உரசிக்கிட்டு வெளியே வரணும், தொண்டையும் அதிரணும். ‘ஃபோன்’னு சொல்லப் போற மாதிரி வாயை வச்சுக்கிட்டு தொண்டையை அதிர விட்டுப் பாருங்க. வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும். அதை மூணு விநாடி நிறுத்தாம இழுக்க முடிஞ்சா வாய் சரியான இடத்துல இருக்கு. உரசல் இல்லாம குரல் மட்டும் வந்தா அது இன்னும் நம்ம ‘வ’தான்.

டபிள்யூ ஒலிக்குப் பல்லுக்கு வேலையே இல்லை. ‘உ’ சொல்ற மாதிரி உதட்டைக் குவிச்சு, உடனே அடுத்த உயிருக்குத் தாவணும். ஈரத்துக்கான சொல்லை ‘உ-எட்’னு மெதுவா ஆரம்பிச்சு, ரெண்டையும் வேகமா ஒட்டிப் பாருங்க. சரியான ஒலி தானா வந்துடும்.

கேமராவில் ரொம்ப நல்லாத் தெரியிற வித்தியாசம் இதுதான். வி ஒலியில் மேல்பல் தெரியும், டபிள்யூவில் உதட்டு வட்டம் தெரியும். ஆனா அந்த வட்டம் விநாடியில் ஒரு சின்னப் பங்குதான் நிக்கும். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிசெகண்ட். அதனால வட்டம் சில ஃபிரேம்லயே வந்து போயிடும். யூடியூப்பில் வேகத்தை 0.5 ஆக்குங்க. லேப்டாப்பா இருந்தா வீடியோவை நிறுத்திட்டு `.` கீயைத் தட்டினா ஒரு ஃபிரேம் முன்னாடி போகும், `,` தட்டினா ஒரு ஃபிரேம் பின்னாடி வரும். அப்புறம் உங்க ஃபோனின் செல்ஃபி கேமராவில் உங்க வாயையே எடுத்து அதே மாதிரி நிறுத்திப் பாருங்க. டாக்டருக்குப் பல் தெரியணும், ஈரத்துக்குத் தெரியக் கூடாது. சரியா தப்பான்னு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை.

கேமராவுக்குத் தெரியாத ஒலி

இப்போ நம்ம ஊரின் இன்னொரு பொருளுக்கு வருவோம்: பம்ப். ‘பம்பரம்’னு ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க. முதல் ப வேற, ‘ம்’முக்கு அப்புறம் வர்ற ரெண்டாவது ப வேற. ரெண்டாவதில் தொண்டை அதிருது. எழுத்து ஒண்ணுதான், அது நிக்கிற இடத்தைப் பொறுத்து ஒலி மாறுது. ஆங்கிலத்தில் இந்த ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து. அந்த எழுத்துகளின் பேரைத் தமிழில் எழுதப் போனாலும் ரெண்டும் ‘பி’ன்னே வந்து நிக்கும்!

இந்த ரெண்டுக்கும் க்ளோஸ்-அப் உதவாது. ரெண்டு தடவையும் உதடு மூடித் திறக்குறதுதான் தெரியும். ‘ம’வுக்கும் அதே காட்சிதான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிஞ்சுக்கிறவங்களுக்கும் இந்த மூணையும் பிரிக்கிறது கஷ்டம். வீடியோவில் டீச்சர் “என் வாயைப் பாருங்க”ன்னு எவ்வளவு சொன்னாலும் பார்க்க அங்கே ஒண்ணும் இல்லை.

வித்தியாசம் இருக்கிறது நேரத்தில். உதடு திறந்த கணத்துக்கும் தொண்டை அதிரத் தொடங்குற கணத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம் என்பதை லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 1964-ல் வெளியிட்ட கட்டுரையில் 11 மொழிகளுக்கு அளந்திருக்காங்க. அதில் தமிழும் ஒண்ணு. ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் வர்ற முதல் வகை ப-வுக்கு இந்த இடைவெளி சுமார் 60 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் ஒரு பொட்டுக் காற்று வெளியே வரும். தமிழ் ப-வுக்கு இது சுமார் 10 மில்லிசெகண்ட்தான். அதனால நாம ‘பம்ப்’னு சுத்தமா சொன்னாலும், அந்தக் காற்றை எதிர்பார்க்குற காதுக்கு அது ரெண்டாவது வகை ப-வா கேக்கலாம். அப்போ பம்புக்குப் பதிலா ‘மோதல்’ங்கிற அர்த்தம் உள்ள சொல் போய்ச் சேரும்.

சோதிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். வாய்க்கு முன்னாடி நாலு விரல் தூரத்தில் தொங்க விட்டுச் சொல்லுங்க. பம்புக்கு பேப்பர் ஆடணும், மோதலுக்குக் கிட்டத்தட்ட ஆடவே கூடாது. எண்ணாப் பார்க்கணும்னா ஆடாசிட்டியில் உங்க குரலைப் பதிவு பண்ணி ஜூம் பண்ணுங்க. உதடு திறக்கும்போது ஒரு கூர்மையான துடிப்பு வரும், கொஞ்சம் தள்ளி ஒழுங்கான அலை தொடங்கும். நடுவுல இருக்கிற பகுதியைச் செலக்ட் பண்ணினா அதோட நீளம் கீழே தெரியும்.

கேப்ஷன்: அர்த்தத்துக்குத் தமிழ், ஒலிக்குக் காது

பல வீடியோக்களில் ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போடுறாங்க. உதவின்னு நினைச்சுத்தான் போடுறாங்க. ஆனா மேலே பார்த்த ரெண்டு வித்தியாசமும் அந்த வரியில் அழிஞ்சுடுது. கண் ‘வெட்’னு படிச்ச உடனே வாய் பழகின ‘வ’வுக்குப் போயிடும், காது கேட்டது வீணாகும். தமிழ் வரி அர்த்தத்தை மட்டும் சொல்லணும்.

அதோட கேப்ஷன் வர்ற நேரமும் முக்கியம். முதல் தடவையே எழுத்து தெரிஞ்சா நாம கேக்கறதை விட்டுட்டு வாசிக்கத் தொடங்கிடுவோம். நம்ம ஜூனியர்களுக்கு நீங்களே ஒரு பாடம் தயார் பண்ணினா இப்படிப் பண்ணலாம். வாக்கியம் நாலே சொல். அதில் வி ஒலி முதல்லயும் வருது, கடைசியிலயும் வருது. டபிள்யூவும் இருக்கு. இதுதான் SRT ஃபைல்:

```
1
00:00:05,000 --> 00:00:07,000
The valve is wet.

2
00:00:10,000 --> 00:00:14,000
வால்வு நனைஞ்சிருக்கு.

3
00:00:14,000 --> 00:00:16,000
The valve is wet.
```

முதல் 2 விநாடி வாயின் க்ளோஸ்-அப்பும் குரலும் மட்டும், எழுத்து கிடையாது. 2-லிருந்து 5 வரை அமைதி, பார்க்குறவர் சொல்றார். 5-ல் மறுபடி குரல், இப்போ ஆங்கில வரியோட. 7-லிருந்து 10 வரை மறுபடி அமைதி, எழுத்தும் மறைஞ்சிடும். 10-ல் தமிழ் அர்த்தம் மட்டும் வரும், யாரும் பேச மாட்டாங்க. அதைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்றது அவர் வேலை. 14-ல் சரியான குரல் வரும், ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். இன்டர்வியூவில் நடக்கிறதும் இந்தக் கடைசிச் சுற்றுதான். அர்த்தம் மனசில் இருக்கும், பார்த்துப் படிக்க வரி இருக்காது.

இடைவெளி: எவ்வளவு, எதுக்கு

கேட்ட பேச்சை மனசுக்குள்ள அப்படியே ஓட்டிப் பார்க்கும் நினைவு சுமார் 2 விநாடிப் பேச்சைத்தான் தாங்கும். வாக்கியம் அதைவிட நீளமா இருந்தா, இடைவெளி வரும்போது முதல் பாதியின் ஒலி போயிருக்கும். மிச்சத்தை நம்ம பழைய உச்சரிப்பே நிரப்பிடும். அதனால நீள வாக்கியத்தை ரெண்டா உடைக்கணும். இடைவெளி, வாக்கிய நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும்: 2 விநாடிக்கு 3. டீச்சரோட சேர்ந்தே சொல்ற மாதிரி வீடியோன்னா கவனமா இருங்க. அவர் குரல் உங்க குரலை மூடிடும், தப்பே கேக்காது.

அமைதியா இருக்கிற இடைவெளியில் மட்டும் பிடிபடுற ஒரு விஷயம் இருக்கு. பஸ்ஸு, புக்கு, காருன்னு மெய்யில் முடியிற சொல்லுக்கு நாம ஒரு ‘உ’ ஒட்டுவோம். தமிழுக்கு அது இயல்பு. மேலே இருக்கிற வாக்கியத்தில் கடைசிச் சொல்லை ‘வெட்டு’ன்னு முடிச்சீங்களா, வால்வுக்கு அப்புறம் ஒரு உகரம் வந்துச்சான்னு ஃபோன் ரெக்கார்டரை ஓட விட்டுக் கேளுங்க. சொல்லும்போது நம்ம காதுக்கு அது கேக்காது. பதிவில் பளிச்சுன்னு கேக்கும்.

லண்டன்காரங்க மாதிரி பேசணும்னு இதெல்லாம் இல்லை. ‘தேங்க்ஸ்’ல நம்ம ‘த’ போட்டா யாருக்கும் அர்த்தம் மாறாது, அதை அப்படியே விட்டுடலாம். ஒரு சொல் இன்னொரு சொல்லா மாறுற இடங்களை மட்டும் பிடிங்க. முதல்ல வி, டபிள்யூ. அடுத்து சொல் தொடக்கத்தின் ரெண்டு ப. அப்புறம் கடைசி ‘உ’. முதலாவதுக்கு செல்ஃபி கேமரா, ரெண்டாவதுக்கு டிஷ்யூ பேப்பர், மூணாவதுக்கு ரெக்கார்டர். ஹாஸ்டல் ரூம்லயே மூணும் இருக்கு.