உறைமேல் யார் பெயர் எழுதுவது?

ஏழாம் வகுப்பில் கடிதப் பயிற்சி நடத்தும்போது மாணவர்கள் உள்ளடக்கத்தை ஓரளவு எழுதிவிடுகிறார்கள். உறைமேல் முகவரி எழுதும் இடத்தில்தான் தயங்குகிறார்கள். கதவு எண், தெரு, ஊர், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் முதல் வரியில் யார் பெயரை, எப்படி எழுதுவது? பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெற்றோரை அழைக்கும் உறையைக் கொண்டு இதைக் கற்பிக்கிறேன். கீழே வரும் பெயர்கள் பயிற்சிக்காக வைத்தவை.

வேறு வேறு முன்னெழுத்து

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துதான் உண்டு. முருகனின் தந்தை பழனி, ஆகவே ப. முருகன். வள்ளியின் தந்தை சங்கரன்; ஆகவே ச. வள்ளி. திருமணத்துக்குப் பின் சிலர் கணவரின் பெயரை முன்னெழுத்தாக்கி மு. வள்ளி என எழுதுகிறார்கள். சிலர் தந்தையின் எழுத்தையே தொடர்கிறார்கள். எது சரி என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதுவே அவர் பெயர். மதிப்பெண் அட்டையில் அவர் இட்ட கையெழுத்தையோ ஆதார் அட்டையையோ பார்த்தால் தெரிந்துவிடும்.

மாணவர்கள் வழக்கமாக ‘திரு, திருமதி முருகன்’ என்று எழுதுவார்கள். இதில் வள்ளி என்ற பெயரே இல்லை. ‘ப. முருகன் – வள்ளி’ என்று எழுதினால் ஒருவருக்கு முன்னெழுத்து உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆளுக்கு ஒரு வரி கொடுத்தால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்:

திரு. ப. முருகன்,
திருமதி ச. வள்ளி,
12, பெரிய தெரு,
கும்பகோணம் – 612001,
தஞ்சாவூர் மாவட்டம்.

யார் பெயர் முதலில் வரலாம் என்று மாணவர்கள் கேட்பார்கள். நமக்கு அதிகம் அறிமுகமானவர் பெயரை முதலில் எழுதலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வள்ளிதான் உறுப்பினர் என்றால், அக்கூட்டத்துக்கான அழைப்பில் அவர் பெயர் மட்டும் போதும்.

தந்தை இல்லாத வீடு

இப்போது அதே வீட்டில் முருகன் இறந்துவிட்டதாகக் கொள்வோம். உறை எப்படி மாறும்? மாணவர்கள் எழுதும் விடைகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, ‘அமரர் ப. முருகன் குடும்பத்தினர்’. அமரர் என்ற சொல் நினைவஞ்சலிக்கு உரியது. அதோடு, இறந்தவர் பெயரில் போகும் கடிதம் ‘காலமானார்’ என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே திரும்பவும் கூடும். இரண்டாவது, ‘திருமதி வள்ளி, க/பெ லேட் முருகன்’. கணவர் பெயர் விண்ணப்பங்களில் கேட்கப்படலாம். கடிதம் போய்ச் சேர அது தேவையில்லை. மூன்றாவது, மூத்த மகன் பெயருக்கு எழுதுவது. வீட்டை நடத்துகிறவர் தாய். அவரை விட்டுவிட்டுக் கல்லூரியில் படிக்கும் மகனை அழைப்பது பொருத்தமில்லை.

சரியான விடை எளியது. முதல் வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். ‘திருமதி ச. வள்ளி’ என்ற வரி அப்படியே நிற்கும். கணவர் இறந்ததால் ‘திருமதி’ மாறுவதில்லை. பிள்ளைகளையும் சேர்த்து அழைப்பதானால் ‘திருமதி ச. வள்ளி மற்றும் குடும்பத்தினர்’ என்று எழுதலாம். அடைமொழியில் ஐயம் இருந்தால் ‘ச. வள்ளி அவர்கள்’ என்பது எல்லோருக்கும் பொருந்தும். அவர் மகளின் வீட்டில் தங்கியிருந்து, அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது என்றால் மட்டும், அடுத்த வரியில் ‘மே/பா’ என்று போட்டு மகளின் பெயரை எழுதலாம்.

இதை ஒரு கேள்வியால் விளங்க வைக்கிறேன். “மனைவியை இழந்த ஒருவருக்கு எழுதும்போது உறையில் என்ன போடுவோம்?” ‘திரு’ என்று மட்டுமே போடுவோம். அவருடைய இழப்பை உறை சொல்வதில்லை. தாய்க்கு எழுதும்போதும் அது சொல்லத் தேவையில்லை. உறையைத் தபால்காரரும் பார்ப்பார், பக்கத்து வீட்டாரும் பார்ப்பார்கள்.

வகுப்பில் கவனிக்க

தந்தையை இழந்த மாணவர் யாரேனும் இருக்கிறாரா என்று முன்னதாகவே சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘உன் அப்பா பெயருக்கு உறை எழுது’ என்று பொதுவாகச் சொன்னால் அந்தக் குழந்தை எழுதாமல் உட்கார்ந்திருக்கும். காரணம் கேட்டால் எல்லோர் முன்னும் சொல்ல நேரும். ‘உங்கள் வீட்டில் விழாவுக்கு யார் வருவார்களோ அவர் பெயருக்கு எழுதுங்கள்’ என்றால் பாட்டி, சித்தப்பா, அம்மா என யார் பெயரும் இயல்பாக வரும். இரண்டாவது வீட்டுக்கான பயிற்சியைக் கரும்பலகையில் கற்பனைப் பெயர்களைக் கொண்டே நடத்துவது நல்லது.

மதிப்பிடும்போது மூன்றைப் பார்க்கிறேன்: அழைக்கப்படும் ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் முன்னெழுத்தோடு இருக்கிறதா? முன்னெழுத்து தமிழில் இருக்கிறதா? கடிதம் சேரத் தேவையில்லாத சொந்தச் செய்தி ஏதேனும் உறையில் இருக்கிறதா? மூன்றாவதில் தவறியவர்களைச் சிவப்பு மையால் அடிக்காமல், அந்தச் சொல்லை நீக்கி மீண்டும் எழுதச் சொல்கிறேன்.